மியூச்சுவல் ஃபண்டை ரிடீம் செய்தால் பணம் ஏன் குறைந்து வருகிறது?

ஆப்பில் முதலீட்டின் இன்றைய மதிப்பு 1,95,120 ரூபாய் என்று காட்டுகிறது. மொத்தத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், இரண்டு நாள் கழித்து வங்கிக் கணக்கில் 1,92,235 ரூபாய்தான் ஏறியிருக்கிறது. 2,885 ரூபாய் குறைகிறது. கேட்டால் ஒருவர் "எக்ஸிட் லோடு" என்கிறார், இன்னொருவர் "எக்ஸ்பென்ஸ் ரேஷியோ பிடித்திருப்பார்கள்" என்கிறார், மூன்றாமவர் வரி என்கிறார். மூன்று பேரும் ஆளுக்கொரு விதத்தில் குழப்பிவிடுகிறார்கள்.

இந்தத் தொகை எப்படிக் குறைந்தது என்பதை ரூபாய் கணக்காகவே பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எக்ஸிட் லோடு என்பது பணத்தை எடுக்கும் அன்று ஒரே ஒரு முறை பிடிப்பது. எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்பது பணம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் பிடிப்பது. எடுக்கும் அன்று அதைத் தனியாகப் பிடிப்பதே இல்லை. ஆப்பில் பார்த்த தொகைக்கும் வங்கிக்கு வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவைத் தேடினால் கிடைக்காது. அது ஆப்பில் தொகை தெரிவதற்கு முன்பே போயிருக்கும்.

என்.ஏ.வி. என்ற விலைக்குள் என்ன இருக்கிறது?

மியூச்சுவல் ஃபண்டில் நாம் வாங்குவது யூனிட். ஒரு யூனிட்டின் அன்றைய விலைதான் என்.ஏ.வி. ஸ்கீமிடம் உள்ள பங்குகள், பத்திரங்கள், ரொக்கம் எல்லாவற்றின் அன்றைய சந்தை மதிப்பையும் கூட்டி, அதிலிருந்து ஸ்கீம் கொடுக்க வேண்டிய செலவுகளைக் கழித்து, மீதியை மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் வருவது அது.

"செலவுகளைக் கழித்து" என்ற இடத்தில்தான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ உட்கார்ந்திருக்கிறது. ஃபண்ட் மேலாளரின் கட்டணம், கணக்கு வழக்குகளைப் பார்க்கும் கேம்ஸ், கேஃபின்டெக் போன்ற பதிவாளர்களுக்கான கட்டணம், பங்குகளைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கான கட்டணம், தணிக்கை, ஏஜென்டுக்குப் போகும் கமிஷன், கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி. என்று இவை எல்லாம் சேர்ந்து ஸ்கீமின் மொத்தப் பணத்தில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வதுதான் அந்த ரேஷியோ. இதற்குப் பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் செபி அமைப்பு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெரிய ஸ்கீமுக்கு வரம்பு குறைவு, சிறிய ஸ்கீமுக்கு அதிகம்.

ஆண்டுக்கு என்று சொன்னாலும், ஆண்டுக் கடைசியில் மொத்தமாக எடுப்பதில்லை. தினமும் 365-ல் ஒரு பங்கு கழிகிறது. ஒரு ஸ்கீமில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 1.85 சதவீதம், என்.ஏ.வி. 47.60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 47.60-ல் 1.85 சதவீதம் 88 பைசா. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட கால் பைசா. சந்தை ஒரே நாளில் யூனிட் விலையை 40 பைசா ஏற்றியும் இறக்கியும் விடும்போது இந்தக் கால் பைசா யார் கண்ணிலும் படாது. சனி, ஞாயிறுக்கும் செலவு உண்டு. பங்குச் சந்தை ஃபண்டில் அந்த இரண்டு நாளின் கழிவும் திங்கட்கிழமை என்.ஏ.வி.யில் சேர்ந்து வந்துவிடும்.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஃபண்டின் 1 ஆண்டு, 3 ஆண்டு, 5 ஆண்டு லாபம் என்று விளம்பரத்திலும் இணையதளங்களிலும் போடுகிற சதவீதங்கள் என்.ஏ.வி.யை வைத்துக் கணக்கிட்டவை. ஆகவே அவை எக்ஸ்பென்ஸ் ரேஷியோ போக மீதி. அதிலிருந்து இன்னொரு முறை 1.85 சதவீதத்தைக் கழித்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எக்ஸிட் லோடு அந்தச் சதவீதங்களில் கழிக்கப்பட்டிருக்காது. அது ஒவ்வொரு முதலீட்டாளரும் எப்போது வெளியேறுகிறார் என்பதைப் பொறுத்தது என்பதால் பொதுவாகக் கழிக்கவும் முடியாது.

எக்ஸிட் லோடு: எதன் மீது, யாருக்கு?

குறிப்பிட்ட காலத்துக்கு முன் யூனிட்டை விற்றால் பிடிக்கும் கட்டணம் இது. 2009 ஆகஸ்ட் 1-க்கு முன் நுழையும்போதே பிடிக்கும் என்ட்ரி லோடும் இருந்தது. செபி அதை அன்றோடு நிறுத்திவிட்டது. இப்போது வெளியேறும் கட்டணம் மட்டுமே இருக்கிறது.

பங்குச் சந்தை ஃபண்டுகளில் பரவலாகக் காணப்படும் நிபந்தனை, வாங்கிய 365 நாளுக்குள் விற்றால் 1 சதவீதம் என்பது. ஆனால் இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஸ்கீம்களில் 30 நாள் அல்லது 90 நாள்தான் கெடு. சிலவற்றில் 10 சதவீத யூனிட் வரை முதல் ஆண்டிலேயே லோடு இல்லாமல் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால்தான் பிடிப்பார்கள். மூன்று ஆண்டு பூட்டு இருக்கும் இ.எல்.எஸ்.எஸ். வரிச் சேமிப்பு ஃபண்டுகளில் அந்தப் பூட்டே போதும் என்பதால் லோடு இருக்காது. குறுகிய காலப் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டில் 2019 அக்டோபரிலிருந்து, முதல் ஆறு நாளுக்கு மட்டும் மிகச் சிறிய லோடு உண்டு: ஒரு லட்ச ரூபாயை ஒரே நாளில் திருப்பி எடுத்தால் 7 ரூபாய், ஏழாம் நாளிலிருந்து எதுவும் இல்லை.

மூன்று இடங்களில் பெரும்பாலானவர்கள் தவறிவிடுகிறார்கள்.

1. லோடு லாபத்தின் மீது அல்ல, போட்ட பணத்தின் மீதும் அல்ல. எடுக்கும் அன்றைய மதிப்பின் மீது. 1 லட்சம் போட்டு அது 90,000 ஆகக் குறைந்த நிலையில், நஷ்டத்தோடு வெளியேறினாலும் 90,000-க்கு 1 சதவீதம், அதாவது 900 ரூபாய் பிடித்துக்கொண்டு 89,100-தான் வரும்.

2. ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதை வாங்கிய தேதியிலிருந்து தனித் தனியாக நாள் எண்ணப்படும். ஃபண்டில் சேர்ந்த நாளோ, கணக்குத் தொடங்கிய நாளோ பொருட்டில்லை. எஸ்.ஐ.பி.யில் மாதம் ஒரு தவணை என்றால் மாதம் ஒரு புதுக் கெடு தொடங்குகிறது.

3. வங்கிக்குப் பணம் வந்தால்தான் ரிடீம் என்பதில்லை. ஒரு ஸ்கீமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, மாதா மாதம் ஒரு தொகை எடுக்கும் எஸ்.டபிள்யூ.பி., ஒரு ஃபண்டிலிருந்து மற்றொன்றுக்குத் தவணையாக நகர்த்தும் எஸ்.டி.பி. எல்லாமே வெளியேற்றம்தான். கெடுவுக்குள் இருக்கும் யூனிட்டுகள் இப்படி நகர்ந்தாலும் லோடு உண்டு.

பிடித்த பணம் யாருக்குப் போகிறது? ஃபண்ட் நிறுவனத்துக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2012 அக்டோபருக்கு முன் அதில் ஒரு பகுதியை விற்பனைச் செலவுக்கு எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. அதற்குப் பிறகு, ஜி.எஸ்.டி. போக முழுவதும் அதே ஸ்கீமுக்குள் வரவு வைக்கப்படுகிறது. உள்ளே தங்கியிருப்பவர்களின் என்.ஏ.வி.யில் அது சேரும். இதில் ஒரு நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஒருவர் அவசரமாக வெளியேறும்போது அவருக்குக் கொடுக்கப் பங்குகளை விற்க வேண்டி வந்தால், தரகும் விலைச் சரிவும் உள்ளே இருப்பவர்கள் தலையில்தான் விழும். லோடு அதற்கான ஈடு. விதியைவிட அதைச் சொல்லும் விதத்தில்தான் குறை: ஃபண்டை விற்கும்போது லாபத்தைப் பெரிதாகவும் லோடைப் பொடி எழுத்திலும் காட்டுகிறார்கள்.

2,885 ரூபாய் எங்கே போனது?

இப்போது ஆரம்பத்தில் பார்த்த கணக்குக்கு வருவோம். எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை, விதிகள் நடப்பில் இருப்பவை.

ஒருவர் 2024 மார்ச் முதல் 2025 ஆகஸ்ட் வரை, மாதந்தோறும் 5-ம் தேதி 10,000 ரூபாய் வீதம் ஒரு பங்குச் சந்தை ஃபண்டில், ஏஜென்ட் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானில் எஸ்.ஐ.பி. போட்டிருக்கிறார். மொத்தம் 18 தவணை, 1,80,000 ரூபாய். கிடைத்த யூனிட்டுகள் 4,065. எக்ஸிட் லோடு 365 நாளுக்குள் 1 சதவீதம். கல்லூரிக் கட்டணத்துக்காக 2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை காலையில் எல்லாவற்றையும் ரிடீம் செய்கிறார். "ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, ஒரு வருஷக் கெடு தாண்டியாச்சு, லோடு வராது" என்பது அவர் கணக்கு.

முதலில் விலை வித்தியாசம். புதன்கிழமை காலை ஆப்பில் தெரிவது செவ்வாய்க்கிழமை இரவு வெளியான என்.ஏ.வி. அது 48 ரூபாய். 4,065 யூனிட்டை 48-ஆல் பெருக்கினால் 1,95,120. ஆனால் பிற்பகல் 3 மணிக்கு முன் கொடுத்த விண்ணப்பத்துக்கு அன்று, அதாவது புதன்கிழமை, சந்தை முடிந்த பிறகு கணக்கிடும் என்.ஏ.வி.தான் பொருந்தும். 3 மணிக்குப் பிறகு கொடுத்திருந்தால் வியாழக்கிழமை விலை. புதன்கிழமை சந்தை கொஞ்சம் இறங்கி, என்.ஏ.வி. 47.60 ஆகிவிட்டது. 4,065 யூனிட்டுக்கு 1,93,494 ரூபாய். இங்கேயே 1,626 ரூபாய் குறைந்துவிட்டது. இதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. சந்தை ஏறியிருந்தால் அதே அளவு கூடுதலாக வந்திருக்கும். மொத்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பழியையும் லோடு மேல் போடுவதற்கு முன் இதைப் பிரித்துவிட வேண்டும்.

அப்புறம் லோடு. 2025 ஆகஸ்ட் 20 அன்று 365 நாள் தாண்டிய தவணைகள் எவை? 2024 மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஆறே ஆறு. அவற்றில் கிடைத்தவை 1,425 யூனிட். 2024 செப்டம்பர் முதல் 2025 ஆகஸ்ட் வரையிலான 12 தவணைகளும் கெடுவுக்குள்தான் இருக்கின்றன. ரிடீம் செய்வதற்கு இரண்டு வாரம் முன் வாங்கிய யூனிட்டும் அதில் சேர்த்தி. அவை 2,640 யூனிட். ஆக, ஒன்றரை வருடம் முதலீடு செய்த ஒருவரிடம் மூன்றில் இரண்டு பங்கு யூனிட்டுகள் இன்னும் ஒரு வயதை எட்டாதவை.

47.60-ல் 1 சதவீதம் 47.6 பைசா. அதைக் கழித்தால் இந்த யூனிட்டுகளுக்கு விலை 47.124 ரூபாய். 2,640 யூனிட்டுக்குப் பிடித்த லோடு 1,256 ரூபாய் 64 பைசா.

கடைசியாக, பங்குச் சந்தை ஃபண்டு யூனிட்டை ஃபண்ட் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்கும்போது பத்திரப் பரிவர்த்தனை வரி 0.001 சதவீதம். இந்தத் தொகைக்குச் சுமார் 2 ரூபாய்.

ஆக:

- ஆப்பில் பார்த்தது: 1,95,120
- என்.ஏ.வி. இறங்கியதால் குறைந்தது: 1,626
- எக்ஸிட் லோடு: 1,257
- பரிவர்த்தனை வரி: 2
- வங்கிக்கு வந்தது: 1,92,235

இதில் 1 சதவீதம் என்ற சொல் எப்படி ஏமாற்றுகிறது என்று பாருங்கள். லோடு விழுந்த 2,640 யூனிட்டுக்குப் போட்ட பணம் 1,20,000. எடுக்கும் அன்று மதிப்பு 1,25,664. லாபம் 5,664 ரூபாய். அதில் 1,257 ரூபாய் போனால், லாபத்தில் 22 சதவீதம் போய்விட்டது என்று பொருள். குறுகிய காலத்தில் லாபம் மெல்லியதாக இருக்கும்போது, மொத்த மதிப்பின் மீது பிடிக்கும் 1 சதவீதம் லாபத்தில் பெரிய துண்டாகிவிடுகிறது.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர் அதைக் கொடுக்காமல் இல்லை. தவணை தவணையாக ஏறிய பணம், எத்தனை மாதம் உள்ளே இருந்தது என்று கூட்டிப் பார்த்தால், 1,35,000 ரூபாய் ஓர் ஆண்டு முழுக்க இருந்ததற்குச் சமம். அதில் 1.85 சதவீதம் சுமார் 2,500 ரூபாய். அவரைக் கோபப்படுத்திய லோடைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது கால் பைசா கால் பைசாவாகப் போனதால் ரிடீம் ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

வந்த தொகை சரிதானா என்று பார்ப்பது எப்படி?

ரிடீம் முடிந்ததும் மின்னஞ்சலில் கணக்கு ஸ்டேட்மென்ட் வரும். ஆப்பின் திரையை விட்டுவிட்டு இதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

1. ஸ்டேட்மென்ட்டில் ரிடீம் வரியில் இருக்கும் என்.ஏ.வி.யின் தேதியைப் பாருங்கள். விண்ணப்பம் கொடுத்த நாளா, அடுத்த வேலை நாளா? 3 மணிக்கு முன் கொடுத்தும் அடுத்த நாள் விலை போட்டிருந்தால், எப்போது விண்ணப்பம் ஃபண்ட் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம்.

2. அந்த என்.ஏ.வி.யை விற்ற யூனிட்டுகளால் பெருக்குங்கள். அதற்கும் வங்கிக்கு வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான பிடித்தம்.

3. பிடித்தத்தை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். சரியாக 1 சதவீதம் வந்தால் எல்லா யூனிட்டும் கெடுவுக்குள் இருந்திருக்கின்றன. மேலே பார்த்ததுபோல் 0.65 சதவீதம் வந்தால் ஒரு பகுதி மட்டும். ஒன்றிரண்டு ரூபாய்தான் என்றால் லோடே இல்லை, பரிவர்த்தனை வரி மட்டும். 1 சதவீதத்துக்கு மேல் போனால் லோடு விகிதமே அதிகமா, வேறு பிடித்தம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

4. பழைய ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு தவணைக்கும் யூனிட் ஒதுக்கிய தேதி இருக்கும். வங்கியில் பணம் எடுத்த தேதி அல்ல, இந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும். இரண்டுக்கும் இடையே ஓரிரு நாள் தள்ளிப்போவதுண்டு. கெடு முடியும் விளிம்பில் எடுப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லோடு விகிதம் பற்றி இன்னொரு விஷயம். ஃபண்ட் நிறுவனம் இடையில் லோடை மாற்றினால், மாற்றிய தேதிக்குப் பிறகு வாங்கும் யூனிட்டுகளுக்குத்தான் புது விகிதம் பொருந்தும். முன்பு வாங்கியவற்றுக்கு வாங்கிய அன்றைய நிபந்தனையே தொடரும். ஆகவே இன்றைக்கு இணையதளத்தில் போட்டிருக்கும் லோடை வைத்துப் பழைய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒத்துவராமல் போகலாம்.

வரி பற்றியும் குழப்பம் உண்டு. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ரிடீம் தொகையிலிருந்து மூலதன ஆதாய வரியை ஃபண்ட் நிறுவனம் பிடிப்பதில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நாமே கட்ட வேண்டியது அது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்குத்தான் மூலத்திலேயே பிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வங்கிக்கு வரும் தொகை இன்னும் அதிகமாகக் குறையும். அது லோடு இல்லை.

லோடு விழாமல் எடுத்திருக்க முடியுமா?

முழுத் தொகையும் அன்றே வேண்டும் என்றால் முடியாது. ஆனால் நம் கணக்கில் உள்ளவருக்குக் கட்டணத்துக்கு 65,000 ரூபாய்தான் அவசரத் தேவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் எடுக்காமல், 1,425 யூனிட் என்று யூனிட் எண்ணிக்கையைப் போட்டு ரிடீம் கொடுத்திருந்தால் 67,830 ரூபாய் லோடு இல்லாமல் வந்திருக்கும். முதலில் வாங்கியது முதலில் விற்கப்படும் என்பதுதான் விதி. ஆகவே எந்த யூனிட்டை விற்பது என்று நாம் குறிப்பிட வேண்டியதில்லை, பழையவை தாமாகவே முதலில் போகும்.

மீதி யூனிட்டுகள் மாதத்துக்கு ஒரு தவணையாக லோடிலிருந்து விடுபட்டுக்கொண்டே வரும். 2024 செப்டம்பர் 5 அன்று ஒதுக்கிய யூனிட்டுகள் 2025 செப்டம்பர் 6 முதல் லோடு இல்லாதவை. அவை 220 யூனிட் என்றால், 17 நாள் பொறுத்ததற்கு மிச்சம் 105 ரூபாய். இதை மிகைப்படுத்தக் கூடாது. சந்தை ஒரே நாளில் இதைவிடப் பல மடங்கு நகரும். பணம் உண்மையிலேயே தேவைப்படும்போது 1 சதவீதத்துக்குப் பயந்து, அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குவது தவறான கணக்கு. தேவை இல்லாதபோது, ஃபண்ட் மூன்று மாதம் சரியாகப் போகவில்லை என்று எரிச்சலில் மொத்தத்தையும் எடுப்பதுதான் தவிர்க்க வேண்டியது.

பத்து ஆண்டு கழித்து எடுப்பவருக்கு?

நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு எக்ஸிட் லோடு பெரும்பாலும் பூஜ்யம். அவருக்கு எதிர்பார்த்த தொகை வராததற்குக் காரணம் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவாகத்தான் இருக்கும்.

ஃபண்ட் வாங்கி வைத்திருக்கும் பங்குகள் சராசரியாக ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்கின்றன என்று வைத்துக்கொண்டு, 5 லட்ச ரூபாயைப் பத்து ஆண்டுக்குப் பெருக்கிப் பார்க்கலாம். செலவே இல்லை என்றால் சுமார் 15 லட்சத்து 53 ஆயிரம். ஆண்டுக்கு 0.9 சதவீதம் செலவு என்றால் சுமார் 14 லட்சத்து 33 ஆயிரம். 1.9 சதவீதம் என்றால் சுமார் 13 லட்சத்து 9 ஆயிரம். கடைசி இரண்டுக்கும் இடையே 1 சதவீதம்தான் வித்தியாசம். ரூபாயில் அது ஒரு லட்சத்து 24 ஆயிரம். எக்ஸிட் லோடின் 1 சதவீதம் ஒரு முறை, இந்த 1 சதவீதம் பத்து முறை, அதுவும் வளர்ந்துகொண்டே போகும் தொகையின் மீது.

இந்த 0.9, 1.9 என்ற இடைவெளி ஏதோ தேடிப்பிடித்த உதாரணம் இல்லை. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஸ்கீமிலும் டைரக்ட் பிளான் என்று ஒன்று உண்டு. பங்குகள் அவையே, மேலாளரும் அவரே, ஏஜென்ட் கமிஷன் மட்டும் கிடையாது. ரெகுலர் பிளானில் அந்தக் கமிஷன் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஒரே ஸ்கீமின் இரண்டு பிளான்களுக்கும் இரண்டு என்.ஏ.வி. இருக்கிறது, இரண்டுக்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது. சரியான ஆலோசனை சொல்லி, சந்தை விழும்போது கூட நின்று தடுத்து நிறுத்தும் ஒரு ஏஜென்டுக்கு அந்தப் பணம் தகும். யார் என்றே தெரியாத ஒருவர் கணக்கில் அது போய்க்கொண்டிருந்தால் தகாது.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ நிரந்தரமானதும் இல்லை. வரம்புக்குள் ஃபண்ட் நிறுவனம் அதை ஏற்றலாம், இறக்கலாம். தினசரி விகிதத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், அடிப்படை விகிதத்தை மாற்றுவதற்கு மூன்று வேலை நாள் முன்பே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவிக்க வேண்டும். அந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்துப் பலரும் திறப்பதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்டில், நம் முதலீட்டுக்காக ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயிலேயே இருக்கும், ஸ்கீமின் சராசரி எக்ஸ்பென்ஸ் ரேஷியோவும் இருக்கும். கால் பைசாவாகப் போனதை ரூபாயாகப் பார்க்க முதலீட்டாளருக்கு இருக்கும் நேரான வழி அதுதான்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறும்போது இரண்டும் சந்திக்கும் இடம்

இதைப் படித்ததும் ரெகுலர் பிளானில் இருப்பதை எல்லாம் டைரக்டுக்கு மாற்றிவிடத் தோன்றும். ஆனால் அந்த மாற்றமும் ஒரு ரிடீம்தான். கெடுவுக்குள் இருக்கும் யூனிட்டுகளுக்குப் பெரும்பாலும் எக்ஸிட் லோடு விழும், லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் வரும். 365 நாள் தாண்டாத லாபத்துக்குத் தற்போது 20 சதவீதம். தாண்டியதற்கு, ஓர் ஆண்டில் மொத்தம் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஆண்டுக்கு 1 சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய், முதல் நாளே லோடாகவும் வரியாகவும் அதைவிடக் கூடுதலாக இழக்க வேண்டியதில்லை.

இதைச் செய்ய ஒரு வரிசை இருக்கிறது. முதலில், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்.ஐ.பி.யை ரெகுலரில் நிறுத்திவிட்டு, அதே ஸ்கீமின் டைரக்ட் பிளானில் புதிதாகத் தொடங்குவது. எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதால் லோடு எதுவும் வராது, யூனிட்டை விற்றால்தான் வரும். இதனால் அடுத்த தவணையிலிருந்தே கமிஷன் கழிவது நின்றுவிடும். பிறகு, பழைய யூனிட்டுகளில் 365 நாள் தாண்டியவற்றை மட்டும், யூனிட் எண்ணிக்கையைக் கொடுத்து மாற்றுவது. லாபம் பெரிதாக இருந்தால் மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று இரண்டு நிதியாண்டுகளுக்குப் பிரித்துக்கொண்டால், 1.25 லட்ச விலக்கு இரண்டு முறை கிடைக்கும். மாற்றிய நாளிலிருந்து டைரக்ட் பிளான் யூனிட்டுகளுக்குப் புதிதாக 365 நாள் எண்ணத் தொடங்கும். அடுத்த ஓர் ஆண்டுக்குள் பணம் தேவைப்படும் என்று தெரிந்தால், அந்தத் தொகைக்கான லோடு இல்லாத பழைய யூனிட்டுகளை ரெகுலரிலேயே விட்டுவைத்து, தேவைப்படும் அன்று அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.